வயதான பூனை ராத்திரியில் கத்துகிறது, மணல் பெட்டியை மறக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பூனைக்குப் பதினைந்து வயது. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு ஹால் நடுவில் நின்றுகொண்டு கத்துகிறது, கூப்பிட்டால் யாரோ எவரோ மாதிரி பார்க்கிறது. வயசானால் இப்படித்தானா? விட்டுவிடலாமா?

விட்டுவிட வேண்டாம். வயதான பூனைகளுக்கு மூளை தளர்ந்து, இடம், நேரம், ஆள் எல்லாம் குழம்பிப்போகிற நிலை நிஜமாகவே வருகிறது. அப்படி இறந்த பூனைகளின் மூளையைப் பரிசோதித்தபோது, மனிதர்களின் அல்சைமர் நோயில் சேர்கிற அதே அமிலாய்டு புரதம் அங்கேயும் சேர்ந்திருந்தது. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் இணைப்புகளுக்குள்ளேயே அது சேர்கிறது என்று 2025ல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அபூர்வமான விஷயமும் இல்லை. 11 முதல் 14 வயதுவரை உள்ள வீட்டுப் பூனைகளில் கால் பங்குக்கு மேலும், 15 தாண்டியவற்றில் பாதிக்கு மேலும் இப்படி ஏதாவது ஒரு மாற்றம் தெரிகிறது என்பது மருத்துவர்கள் அடிக்கடி சொல்லும் மதிப்பீடு.

ஆனால் அதே கத்தல், அதே அலைச்சல் ரத்த அழுத்தத்தாலும் வரும், தைராய்டாலும் வரும், சிறுநீரகக் கோளாறாலும் மூட்டு வலியாலும் வரும், காது கேட்காமல் போனாலும் வரும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து இருக்கிறது. நான் கோலாலம்பூரில் ஒரு சின்ன விலங்கு கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன், அங்கே வரும் வயதான பூனைகளைப் பார்த்தபிறகு என் கருத்து உறுதியானது: இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்காமல் "மறதி வந்துடுச்சு" என்று யாரும் முடிவு கட்டக் கூடாது, அது டாக்டராகவே இருந்தாலும் சரி.

மறதி நோய்தான் என்று உறுதியாகச் சொல்ல ரத்தப் பரிசோதனை ஏதாவது இருக்கிறதா?

இல்லை. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், மிச்சம் நிற்பதைத்தான் மறதி என்கிறோம். அதனால் கிளினிக்கில் இன்னின்ன பார்க்க வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்கினால் நல்லது: எடை, ரத்த அழுத்தம், தைராய்டுக்கான டி4, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனை. முதுகையும் இடுப்பையும் கையால் தடவிப் பார்த்து வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் அடிக்கடி விட்டுப்போவது ரத்த அழுத்தம். பூனைக்கு அதை அளக்க முன்னங்காலிலோ வாலிலோ குட்டியாக ஒரு பட்டையைச் சுற்றுவார்கள். வந்த உடனே அளந்தால் பயத்தில் ஏறிக் காட்டும், அதனால் அமைதியான அறையில் ஐந்து பத்து நிமிடம் விட்டு, முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்தடுத்து எடுத்த பல அளவுகளின் சராசரியைப் பார்க்க வேண்டும். மேல் அளவு 160ஐத் தாண்டி அப்படியே நின்றால் கவலைப்பட வேண்டும். 180க்கு மேல் போனால் கண்ணுக்கும் மூளைக்கும் கெடுதல் வரும் வாய்ப்பு அதிகம். திடீரென்று சுவரில் மோதுகிறது, கண்மணி ரெண்டும் வெளிச்சத்திலேயே பெரிதாக விரிந்து கிடக்கிறது என்றால் விழித்திரை கழன்றிருக்கலாம். அன்றைக்கே கொண்டு போங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

கிளினிக்குப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ராத்திரி கத்துவதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் மேசையில் எல்லாப் பூனையும் உறைந்து உட்கார்ந்திருக்கும், வீட்டில் நடப்பதை அங்கே யாராலும் பார்க்க முடியாது.

எங்களுடையது மணல் பெட்டிக்கு வெளியே சிறுநீர் போகிறது. இத்தனை வருஷம் ஒரு தடவைகூட இப்படிச் செய்ததில்லை. எங்கள் மேல் கோபமா?

கோபம் இல்லை. பழிவாங்குவதற்காக எந்தப் பூனையும் சிறுநீர் கழிப்பதில்லை. எந்த இடத்தில் போகிறது என்று ஒரு வாரம் உற்றுப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

பெட்டிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தள்ளிப் போகிறதா? அப்படியானால் பெட்டி எங்கே என்று அதற்கு நன்றாகத் தெரிகிறது, போகவேண்டும் என்றும் தெரிகிறது, உள்ளே ஏறத்தான் முடியவில்லை. இது பெரும்பாலும் மூட்டு வலி. 12 வயது தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பத்தில் ஒன்பதுக்கு எங்காவது மூட்டுத் தேய்மானம் தெரிகிறது என்று ஒரு பழைய ஆய்வு உண்டு. பூனை நொண்டாது, முனகாது, ஏறுவதை மட்டும் நிறுத்திவிடும். பெட்டிக்குள் நிற்கும்போது முன்கால் ரெண்டும் உள்ளே, பின்பக்கம் விளிம்புக்கு வெளியே என்று நின்றாலும் இதே கதைதான். உட்காரக் கஷ்டப்பட்டு நின்றுகொண்டே போவதால் சிறுநீர் விளிம்பைத் தாண்டி விழும்.

மெத்தை, கால்மிதி, அழுக்குத் துணிக் கூடை என்று மெதுவான இடமாகத் தேடிப் போகிறதா? பெட்டியில் உள்ள மணல் காலை உறுத்தலாம், அல்லது சிறுநீர்ப்பையில் எரிச்சல் இருக்கலாம். கட்டியாகிற மணல் போடுகிறவர்கள் கட்டியின் அளவைக் கவனியுங்கள். முன்பு எலுமிச்சம்பழ அளவு இருந்தது இப்போது ஆரஞ்சு அளவில் வருகிறது என்றால் அது நிறையத் தண்ணீர் குடித்து நிறையப் போகிறது, சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்க்கவேண்டும்.

கடைசியாக, பெட்டியை நோக்கிப் போகவே இல்லை, நடந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்று போகிறது, போனபிறகு மூடவும் இல்லை, முகர்ந்து பார்க்கவும் இல்லை, அல்லது பெட்டியைத் தேடிப் போய் வழியில் ஒரு மூலையில் முட்டி நிற்கிறது. இதுதான் குழப்பத்துக்குரிய அடையாளம்.

ஒரு எச்சரிக்கை. ஆண் பூனை பெட்டிக்குப் போய்ப் போய் முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அடைப்பு. எந்த வயதானாலும் அது அவசரம், அந்த ராத்திரியே கொண்டு போகவேண்டும்.

எங்கள் பூனைக்கு எல்லாமே சேர்ந்து வந்துவிட்டது. கத்தல், அலைச்சல், கண்ட இடத்தில் சிறுநீர். எதில் ஆரம்பிப்பது?

செந்தூல் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்த பூனையைப் பற்றிச் சொல்கிறேன். சின்னி என்று பெயர், 16 வயதுப் பெண் பூனை. வளர்த்த அக்கா சொன்னது: ராத்திரியானால் சமையலறைக்குப் போய் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் முகத்தை வைத்துக்கொண்டு நீளமாகக் கத்துகிறது, பெட்டிக்குப் பக்கத்தில் தினமும் சிறுநீர், சில நாள் ஹால் நடுவிலும்.

எடை ஒரு வருடத்தில் 4.1 கிலோவிலிருந்து 3.6க்கு இறங்கியிருந்தது. ரத்த அழுத்தம் சராசரி 190. தைராய்டு சரியாக இருந்தது. சிறுநீரக அளவு கொஞ்சம் ஏறியிருந்தது, சிறுநீர் நீர்த்துப் போயிருந்தது. இடுப்பைத் தொட்டதும் முதுகுத்தோல் துடித்தது, எக்ஸ்ரேயில் இடுப்பிலும் கீழ் முதுகிலும் தேய்மானம்.

முதலில் ரத்த அழுத்தம். அம்லோடிபின், 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, ஒரு நாளைக்கு ஒரு தடவை. அது மனிதர்கள் சாப்பிடுகிற மாத்திரைதான், ஆனாலும் வீட்டில் பெரியவர்களுடையதை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அளவை அளந்து பார்த்த டாக்டர்தான் சொல்லவேண்டும். ரெண்டு வாரத்தில் அழுத்தம் 150க்கு வந்தது. கத்தல் பாதிக்குப் பாதி குறைந்தது. அப்புறம் வலிக்கு கபாபென்டின், சிறுநீரகத்தை மனதில் வைத்துக் குறைந்த அளவில். கூடவே தாழ்வான வாசல் வெட்டிய பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் போவது அதோடு நின்றுவிட்டது.

எது மிஞ்சியது? மூலையில் போய் நிற்பது மிஞ்சியது. சாப்பிட்டு முடித்த கையோடு சாப்பாடு கேட்பது மிஞ்சியது. எப்போதாவது ஹால் நடுவில் சிறுநீர். இந்த மிச்சத்தைத்தான் டாக்டர் மூளைத் தளர்ச்சி என்று எழுதினார். மருந்துக்குப் போகவேண்டியது மருந்துக்குப் போயிற்று, மீதியை அந்த அக்கா வீட்டை மாற்றி அமைத்துச் சமாளித்தார். நீங்களும் இந்த வரிசையில் போவதுதான் சரி. முதல் நாளிலேயே நாலு மருந்தை ஒன்றாக ஆரம்பித்தால் எது வேலை செய்தது, எது மந்தமாக்கியது என்று யாருக்கும் தெரியாது.

பெட்டியை எப்படி மாற்றுவது? புதிதாக வாங்கணுமா?

விலையுயர்ந்தது தேவையில்லை. கடைகளில் துணி வைக்க விற்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து ஒரு பக்கச் சுவரை வெட்டி, வாசல் தரையிலிருந்து ஐந்து ஆறு சென்டிமீட்டருக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரத்தில் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வயிற்றைக் கீறும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை பூனையின் நீளம் என்னவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்கவேண்டும், அப்போதுதான் சிரமமில்லாமல் உள்ளே திரும்ப முடியும். மூடி வேண்டாம்.

மணலின் வகையை மாற்றாதீர்கள். குழம்பிய பூனைக்குக் கால் உணர்வும் வாசமும்தான் வழிகாட்டி, பத்து வருடமாக ஒரே வகை மணலில் போனதை இப்போது திடீரென்று டோஃபு மணலுக்கோ மரத்துண்டுக்கோ மாற்றினால் அது பெட்டி என்றே அதற்குப் புரியாமல் போகலாம். ஆழம் மட்டும் குறையுங்கள், மூன்று சென்டிமீட்டர் போதும். ஆழமான மணலில் வயதான கால் புதைந்து தடுமாறும்.

பழைய பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு இரண்டாவதை அது தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மாடி வீடு என்றால் தளத்துக்கு ஒன்று. நம் பக்கத்தில் பெட்டியைப் பின்கட்டிலோ குளியலறையிலோ வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. சாத்தின கதவு, ஈரத் தரை, இருட்டு, மூன்றும் இந்தப் பூனைக்கு ஆகாது.

டெட்டால் போட்டுத் துடைத்தாலும் திரும்பத் திரும்ப அதே இடத்தில் போகிறது. என்ன போட்டுத் துடைக்க?

முதலில் டெட்டாலை நிறுத்துங்கள். அதில் உள்ள குளோரோசைலினால் என்கிற ரசாயனம் பூனைக்கு விஷம், காலில் பட்டு அதை நக்கினால் வாய் புண்ணாகும், உடம்புக்கும் கெடுதல். பைன் எண்ணெய் கலந்த தரைத் திரவமும் அப்படித்தான். குளோரக்ஸ் வாசம் சில பூனைகளை அதே இடத்துக்கே இழுக்கும். செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கலந்த சுத்திகரிப்புத் திரவம் கிடைக்கும். சிறுநீரை ஒற்றி எடுத்துவிட்டு, அந்தத் திரவத்தை நன்றாக ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிட்டுத் துடையுங்கள். ஊறாமல் உடனே துடைத்தால் பலனே இல்லை.

ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை. காலையில் வேலைக்குப் போகணும். அறையில் பூட்டி வைக்கலாமா?

பூட்டுவது வேறு, ராத்திரிக்கென்று ஒரு சின்ன இடம் ஒதுக்குவது வேறு. பெரிய வீடு முழுக்க இருட்டில் அலைவதைவிட, பெட்டி, தண்ணீர், படுக்கை எல்லாம் ஐந்தடிக்குள் இருக்கிற ஒரு அறை இந்தப் பூனைக்கு நிம்மதி. ஆனால் அதைப் பகலிலேயே பழக்குங்கள். பகலில் அங்கே சாப்பாடு வையுங்கள், நீங்களும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். திடீரென்று ஒரு ராத்திரி தள்ளிக் கதவைச் சாத்தினால் கத்தல்தான் கூடும்.

சுவரில் சொருகும் சின்ன விளக்குகள் ரெண்டு மூன்று வாங்கி, படுக்கையிலிருந்து பெட்டிக்குப் போகும் வழியில் தாழ்வாகப் போடுங்கள். நமக்கு இங்கே வருடம் முழுக்க ஏழரை, எட்டுக்குள் இருட்டிவிடும், ஆனால் வீட்டில் பதினொரு மணிவரை விளக்கும் டிவியும் ஓடி, பிறகு சட்டென்று எல்லாம் அணையும். பார்வை மங்கிய பூனைக்கு அந்த நிமிடத்தில்தான் வீடே காணாமல் போகிறது. விளக்குகளை ஒன்றொன்றாக அணையுங்கள், சின்ன விளக்கு முன்கூட்டியே எரிந்துகொண்டிருக்கட்டும்.

பகல் முழுக்கத் தூங்கவிட்டால் ராத்திரி அலையத்தான் செய்யும். மாலையில் வேலை முடிந்து வந்ததும் எழுப்பி, ஐந்து நிமிடம் ஒரு கயிறை மெதுவாகத் தரையில் இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். துரத்தாவிட்டாலும் கண்ணாலாவது பின்தொடரும், அது போதும். நீங்கள் படுக்கப் போகும் முன் ஈரமான சாப்பாடு கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். தினமும் ஒரே நேரம், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்.

கத்தும்போது திட்டாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். தூரத்திலிருந்து கூப்பிடுவதும் உதவாது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அதற்குப் பிடிபடாது. நேராகப் போய், முன்பக்கமாகக் குனிந்து, கையை முகரவிட்டு, தோளில் மெதுவாகத் தடவி, படுக்கைக்குக் கூட்டிப்போய் விடுங்கள். விளக்கைப் பளிச்சென்று போட வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். ஏர்கோன் அறையில் படுக்கிறது என்றால் ஒரு கம்பளித் துணி போடுங்கள், தேய்ந்த மூட்டுக்குக் குளிர் ஆகாது.

இதற்கு மாத்திரை, சத்து மருந்து எதுவும் இல்லையா?

நோயைத் திருப்புகிற மருந்து கிடையாது. மீன் எண்ணெய், பி வைட்டமின், ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்த உணவுகள் வயதான பூனைகளின் நினைவுத்திறனுக்கு ஓரளவு உதவியதாக ஆய்வு உண்டு, ஆரம்பத்தில் கொடுத்தால்தான் பிரயோசனம். செலிஜிலின் என்கிற மருந்தை நாய்களுக்குக் கொடுப்பதுபோல் சில டாக்டர்கள் பூனைக்கும் கொடுத்துப் பார்ப்பார்கள், ஆனால் ஏற்கெனவே மனப்பதற்றத்துக்கு ஃப்ளூவாக்ஸடின் மாதிரி மருந்து ஓடிக்கொண்டிருந்தால் ரெண்டையும் சேர்க்கக் கூடாது. தூக்கமில்லாத பூனைக்கு மெலடோனின் அல்லது கபாபென்டின் எழுதிக் கொடுப்பதும் உண்டு. சில பூனை அதில் தள்ளாடும், அப்போது அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதில் நான் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. நாய்களுக்கென்று விற்கும் மூளைச் சத்து மாத்திரை சிலவற்றில் ஆல்ஃபா லிபோயிக் அமிலம் இருக்கும், அது பூனைக்கு விஷம். லேபிளைப் படிக்காமல் ஆன்லைனில் வாங்கிக் கொடுக்காதீர்கள். வலி என்று நினைத்து பெனடால் கொடுப்பதும் அப்படியே. அதில் உள்ள பாராசிட்டமால் அரை மாத்திரை போனாலே பூனை செத்துவிடலாம்.

துணைக்கு ஒரு குட்டி வாங்கி விட்டால் சுறுசுறுப்பாகிவிடுமா?

வேண்டாம். குட்டி அதன் சாப்பாட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் பாய்ந்து கொண்டே இருக்கும், இது ஒளிந்துகொள்ளும்.

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்து சாமான்களை மாற்றிப் போடுவோம். பரவாயில்லையா?

சோபாவை எங்கே வேண்டுமானாலும் நகர்த்துங்கள், ஆனால் அதன் படுக்கை, தண்ணீர், பெட்டி, இவற்றுக்குப் போகும் வழி நாலையும் தொடாதீர்கள். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் அது இருக்கும் அறையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் அது வழுக்குவதைப் பார்த்தீர்கள் என்றால் ரப்பர் பாயைத் துண்டு துண்டாக வெட்டிப் பாதைபோல் போடுங்கள்.

விருந்தாளி வந்து போகும் நாளில் கிரில் கதவு திறந்தே கிடக்கும். சாதாரணப் பூனை வெளியே போனால் வீட்டைத் தேடி வரும், குழம்பிய பூனை படிக்கட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும், எல்லாத் தளமும் அதற்கு ஒரே மாதிரிதான். பட்டாசு வெடிக்கும் ரெண்டு மூன்று ராத்திரியும் அந்தச் சின்ன அறையில் கதவைச் சாத்தியே வையுங்கள். கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண்ணையும் எழுதுங்கள். மைக்ரோசிப் போடாவிட்டால் இப்போது போட்டுக்கொள்ளலாம், வயது தடை இல்லை.

எவ்வளவு நாள் இப்படியே ஓட்ட முடியும்? எப்போது போதும் என்று முடிவு செய்வது?

இது மெதுவாகத்தான் கூடும், மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தத்தையும் ரத்தத்தையும் திரும்பப் பார்க்கவேண்டும், ஏனென்றால் புதிதாகக் கூடிய குழப்பம் என்று நாம் நினைப்பது புதிதாக வந்த சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம்.

முடிவு எடுக்கவேண்டிய நேரம் வரும்போது பெட்டியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிறுநீர் நமக்குத்தான் தொல்லை, பூனைக்கு அது துன்பமில்லை. நான் கேட்கச் சொல்வது நாலு விஷயம். தானாகப் போய்ச் சாப்பிடுகிறதா? உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா? உங்கள் கையோ மடியோ இன்னும் அதற்கு வேண்டியிருக்கிறதா? விழித்திருக்கும் நேரத்தில் பயமில்லாமல் இருக்கும் நேரம் எவ்வளவு? கேலண்டரில் ஒவ்வொரு நாளும் நல்ல நாள், கெட்ட நாள் என்று ஒரு குறி போட்டு வாருங்கள், ஏனென்றால் தூக்கமில்லாத மனதுக்கு நேற்று ராத்திரி மட்டும்தான் ஞாபகம் இருக்கும். மருந்தும் போட்டு, வீட்டையும் மாற்றி, அப்படியும் வாரத்தில் பாதிக்கு மேல் கெட்ட நாளாக விழுந்தால் அந்தக் கேலண்டரை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் பேசுங்கள்.

அந்தப் பேச்சிலேயே, கடைசி ஊசியை வீட்டுக்கு வந்து போட முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் வீட்டுக்கு வரும் டாக்டர்கள் இருக்கிறார்கள். முதலில் மயக்க ஊசி போட்டு, நன்றாக மயங்கியபிறகுதான் அடுத்ததைப் போடச் சொல்லலாம். இடம் தெரியாமல் தவிக்கிற பூனையைக் கூண்டில் போட்டு ஜாலான் ஈப்போ நெரிசலில் கொண்டு போவதைவிட அது எவ்வளவோ மேல்.